மண்டபத்து ஐஸ் பெட்டிக்கு HC-05-ஆ, HC-06-ஆ?

மண்டபம் ஊரில் நண்டும் கணவாயும் வாங்கி லாரி ஏற்றும் ஒரு அண்ணனுக்கு நான் கட்டிக்கொடுத்த வெப்பமானிப் பெட்டிகள் ஏழு. ஐஸ் பெட்டிக்குள் ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், வெளியே சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ஆர்டுயினோ நானோ போர்டு, அதோடு ஒரு ப்ளூடூத் சீரியல் மாட்யூல். மூடியைத் திறந்தால் குளிர் போய்விடும். அதனால் லாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே போனில் டிகிரி பார்த்துக்கொள்வார். வேலை அவ்வளவுதான்.

அந்த மாட்யூலாக முதல் மூன்று பெட்டியில் HC-06 போட்டேன். அடுத்த நான்கில் HC-05. இனிமேல் கட்டினால் HC-05 மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். சார்பு இருக்கிறது, மறைக்கவில்லை.

இரண்டுக்கும் பொதுவானதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் பழைய வகை ப்ளூடூத், 2.0 காலத்துச் சரக்கு. இரண்டும் ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு சீரியல் ஒயர் மாதிரி நடிக்கும். போர்டில் உள்ள எழுத்தை மறைத்துவிட்டால் பல நேரம் உருவத்தில் வித்தியாசம் தெரியாது. கால்களை எண்ணினால்தான் தெரியும். HC-06-க்கு வழக்கமாக நான்கு கால், HC-05-க்கு ஆறு கால். இரண்டும் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசும், கடவுச்சொல் 1234. அப்படி அமைத்துவிட்டால் HC-05 தானாகவே இன்னொரு ப்ளூடூத் கருவியைத் தேடிப்போய் இணையும், HC-06 தன்னைத் தேடி வருபவருக்கு மட்டும் கதவு திறக்கும். என் பெட்டிக்கு அந்த வசதி தேவையே இல்லை. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பெரிய வித்தியாசம் கட்டளை முறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டையும் ஒரே மாதிரி கடிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது, வோல்ட்.

மாட்யூலுக்கு மின்சாரம் போகும் விசிசி காலில் 5 வோல்ட் கொடுக்கலாம். போர்டின் முதுகில் 3.6 முதல் 6 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் காலுக்கும் 5 வோல்ட் தாங்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. உள்ளே ஒரு ரெகுலேட்டர் 5 வோல்ட்டை 3.3 ஆக இறக்குகிறது; சிப் வாழ்வது அந்த 3.3-இல். எழுத்தை வாங்கும் ஆர்எக்ஸ் கால் நேராகச் சிப்புக்குப் போகிறது. எழுத்தை அனுப்பும் நானோவின் டிஎக்ஸ் காலோ 5 வோல்ட்டில் பேசும். நேரடியாக இணைத்தால் உடனே எரியாது, அதுதான் ஏமாற்று. பல மாதம் கூட ஓடும். உள்ளிருக்கும் பாதுகாப்பு டயோடு அந்த அதிகப்படி மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டே இருக்கும், ஒருநாள் கை விரிக்கும்.

எதிர்ப்பக்கம் தொல்லையில்லை. மாட்யூலின் டிஎக்ஸ் 3.3 வோல்ட் தருகிறது. 5 வோல்ட்டில் ஓடும் நானோவின் ஏடிமெகா328 சிப்புக்கு 'இது ஒன்று' என்று உறுதியாகத் தெரிய 3 வோல்ட் போதும். 0.3 வோல்ட்தான் உபரி என்றாலும், ஒயர் விரல் நீளத்துக்குள் இருந்தால் நேராகவே இணைக்கலாம்.

ஆக நானோவின் டிஎக்ஸிலிருந்து மாட்யூலின் ஆர்எக்ஸுக்குப் போகும் வழியில் மட்டும் இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டைப் பிரிக்க வேண்டும். நானோ பக்கம் ஒன்று, தரைக்கு ஒன்று, நடுவிலிருந்து ஆர்எக்ஸுக்கு. தரைப்பக்கம் இரண்டு மடங்கு இருந்தால் 5-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட் வரும். 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் போட்டாலும் சரி, 10-உம் 20-உம் போட்டாலும் சரி, கணக்கு ஒன்றுதான். கணக்கில் மட்டும்தான் ஒன்று.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று முதல் பெட்டியில் 10-உம் 20-உம் போட்டேன். கோடை முழுக்க ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் போனில் டிகிரி விட்டு விட்டு வந்தது, கார்த்திகையில் நின்றேபோனது. போன் இணைகிறது, எல்இடி சரியாக இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை. திறந்து பார்த்தால் ரெசிஸ்டர் கால்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு படலம். பாம்பன் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணாடியில் தினமும் துடைப்பது எதுவோ அதுவேதான், உப்பு. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டால் அதுவே ஒரு ரெசிஸ்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஈரப் படலம் தரைப்பக்க ரெசிஸ்டரின் மேல் 20 கிலோ ஓம் அளவுக்குக் குறுக்கே படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20-க்குப் பக்கத்தில் இன்னொரு 20 சேர்ந்தால் 10 ஆகிறது. மேலே 10, கீழே 10, நடுவில் 2.5 வோல்ட். படலம் இன்னும் கொஞ்சம் தடித்தால் மாட்யூலுக்கு 'ஒன்று' எது, 'பூஜ்யம்' எது என்றே புரியாது. இதே படலம் 2 கிலோ ஓமின் மேல் படிந்தால்? இரண்டும் சேர்ந்து சுமார் 1.8 கிலோ ஓம். நடுவில் 3.2 வோல்ட். மாட்யூலுக்கு ஒன்றுமே தெரியாது. இதற்காக நாம் கொடுக்கும் விலை ஒன்றே முக்கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு. ப்ளூடூத் ரேடியோ தின்பதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அன்றிலிருந்து 1-உம் 2-உம்தான் போடுகிறேன். 2 கிலோ ஓம் கையில் இல்லையென்றால் மூன்று 1 கிலோ ஓம் எடுத்து, இரண்டைத் தொடராகத் தரைப்பக்கம் வைத்துவிடுவேன்.

இதைச் சோதிக்க ஆசிலோஸ்கோப் வேண்டியதில்லை. சீரியல் கோடு பேசாமல் இருக்கும்போது மேலேயே, 'ஒன்று' நிலையில் நிற்கும். அதனால் எதுவும் அனுப்பாத நேரத்தில் சாதாரண மல்ட்டிமீட்டரை நடுப்புள்ளிக்கும் தரைக்கும் வைத்தாலே போதும், 3.3-க்குப் பக்கத்தில் நிலையாகக் காட்ட வேண்டும். அதைவிட நன்றாக மேலே காட்டினால் தரைப்பக்க இணைப்பு விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நானோ பக்கத்து இணைப்பு போயிருக்கிறது. பூஜ்யத்துக்கும் 3.3-க்கும் நடுவே தொங்கினால் பழைய டூத்பிரஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் எடுங்கள்.

3.3 வோல்ட்டிலேயே ஓடும் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, நேராக இணைக்கலாம். ஆனால் அந்த 3.3-ஐயே மாட்யூலின் விசிசிக்கும் கொடுத்துவிடாதீர்கள், ரெகுலேட்டருக்கு மூச்சு முட்டும். விசிசிக்குத் தனியாக 5 வோல்ட் கொண்டுவாருங்கள். (ஈஎஸ்பி32 வைத்திருப்பவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு ப்ளூடூத் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு நானோ ஒரு டப்பா நிறையக் கிடந்தது, அதனால் இந்தப் பாடு.)

சரி, கட்டளை முறைக்கு வருவோம். மாட்யூலின் பெயர், கடவுச்சொல், பேசும் வேகம் இவற்றை மாற்ற வேண்டுமானால் அதனோடு AT என்று தொடங்கும் கட்டளைகளில் பேச வேண்டும்.

HC-06 இதில் வெகு எளிமை. போன் இணையாத நேரமெல்லாம் அது கட்டளை முறையில்தான் இருக்கிறது. பட்டன் கிடையாது, தனிக் கால் கிடையாது. AT என்று அனுப்பினால் OK என்று வரும். AT+NAMEPETTI1 என்றால் பெயர் மாறும், AT+PIN4321 என்றால் கடவுச்சொல், AT+BAUD4 என்றால் 9600 வேகம். என்னிடம் இருக்கும் மாட்யூலுக்குள் பதிந்த புரோகிராமில், அதாவது பழைய ஃபர்ம்வேரில், வரி முடிவுக் குறி எதுவும் சேர்க்கக்கூடாது. எழுத்துகளை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், சுமார் ஒரு நொடி கழித்துப் பதில் வரும். கையால் ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினால் பதிலே வராது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, HC-05-இன் பட்டன், கீ கால், இரண்டு வகைக் கட்டளை முறை எல்லாம் எதற்கு என்று நானே கேலி செய்தேன்.

கேலி செய்ததற்குப் பலன் இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. இரண்டாவது பெட்டியின் நானோ போர்டை உப்பு தின்றுவிட்டது. புது நானோ போட்டு, என்னிடமிருந்த புரோகிராமை ஏற்றிக் கொடுத்தேன். மறுநாளே அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, போன் சேந்துருது. ஆனா எழுத்துதான் கிறுக்குனாப்புல வருது."

"என்ன மாதிரிண்ணே, ஒண்ணுமே வரலையா, இல்ல வேற எழுத்தா?"

"கேள்விக்குறியும் கட்டமுமா வருதுப்பா."

இந்த வித்தியாசம் முக்கியம். எதுவுமே வராவிட்டால் ஒயரையோ வோல்ட்டையோ சந்தேகப்படலாம். குப்பையாக வந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, வேகம்தான் பொருந்தவில்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அந்தப் பெட்டியைக் கட்டும்போது கூட இருந்த பையன் மாட்யூலின் வேகத்தை மாற்றி, அதற்கேற்ற புரோகிராமைத் தன் லேப்டாப்பிலிருந்து ஏற்றியிருந்தான். பையன் இப்போது வளைகுடாவில். செத்துப்போன நானோவோடு அந்த எண்ணும் போய்விட்டது.

HC-06-இடம் 'உன் வேகம் என்ன' என்று கேட்க முடியாது. கேட்பதற்கே அதன் வேகம் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஃபர்ம்வேரில் பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளையும் கிடையாது. ஆக எல்லா வேகத்திலும் கதவைத் தட்ட வேண்டியதுதான். நான் எழுதியது இது:

```cpp
#include <SoftwareSerial.h>
SoftwareSerial bt(2, 3);
long v[] = {1200, 2400, 4800, 9600,
            19200, 38400, 57600};
void setup() {
  Serial.begin(9600);
  for (int i = 0; i < 7; i++) {
    bt.begin(v[i]);
    delay(1500);
    bt.print("AT");
    delay(1500);
    Serial.print(v[i]);
    Serial.print(" : ");
    while (bt.available())
      Serial.write(bt.read());
    Serial.println();
  }
}
void loop() {}
```

முதல் சுற்றில் ஏழு வேகத்துக்கும் பதில் இல்லை. மாட்யூல் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் எல்இடியைப் பார்த்தேன், சிமிட்டாமல் நிலையாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் அண்ணனின் போன், அதில் ஆப் திறந்தே இருந்தது. மாட்யூல் உயிர் பெற்றதும் போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. இணைந்துவிட்டால் HC-06-க்குக் கட்டளை முறை கிடையாது, நான் அனுப்பிய AT எல்லாம் அவர் போன் திரையில் போய் விழுந்திருக்கிறது. போனின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். 57600-க்கு நேரே OK வந்தது. அந்த வேகத்திலேயே AT+BAUD4 அனுப்பினேன், OK9600 என்றது. மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டதும் டிகிரி வந்தது. அதிர்ஷ்டம்தான். பையன் 115200 வைத்திருந்தால் மேலே நான் பயன்படுத்திய சாஃப்ட்வேர்சீரியல் அந்த வேகத்தில் தடுமாறும், நானோவின் 0, 1 கால்களுக்கு ஒயரை மாற்றியோ தனி யூஎஸ்பி சீரியல் போர்டு வைத்தோ தட்டியிருக்க வேண்டும். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று.

இதே விபத்து HC-05-க்கு நடந்திருந்தால்? மாட்யூலில் இருக்கும் சின்னப் பட்டனை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்இடி படபடவென்று சிமிட்டாமல் இரண்டு நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டும். அதுதான் முழுக் கட்டளை முறை. அந்த முறையில் மாட்யூல் எப்போதும் 38400 வேகத்தில்தான் பேசும், உள்ளே என்ன வேகம் பதிந்திருந்தாலும் சரி. யார் எதை மாற்றி மறந்திருந்தாலும் இந்த ஒரு வாசல் இடம் மாறாது. இங்கே ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் \r\n என்ற வரி முடிவுக் குறி கட்டாயம். AT+UART? என்று கேட்டால் +UART:57600,0,0 என்று அதுவே சொல்லிவிடும். AT+UART=9600,0,0 என்று மாற்றிவிட்டு மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் முடிந்தது. கடவுச்சொல் மறந்தாலும் AT+PSWD? என்று கேட்கலாம். எல்லாம் குழம்பிப்போனால் பழைய நிலைக்கே திருப்பிவிடும் AT+ORGL. ஐந்து நிமிட வேலை. நான் HC-05 பக்கம் சாய்வதற்கு இந்த ஒன்றே காரணம், மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

HC-05-க்கும் வக்கிரங்கள் உண்டு. மின்சாரம் கொடுத்த பிறகு பட்டனை அழுத்தினாலும் கட்டளை முறை வரும், ஆனால் அது அரைகுறை முறை. வேகம் 38400 அல்ல, பதிந்திருக்கும் வேகம்தான். முதலில் அழுத்தினோமா பிறகு அழுத்தினோமா என்பதில்தான் பாதிப்பேர் சிக்குவார்கள். எல்இடியை நம்புங்கள், இரண்டு நொடிச் சிமிட்டல் இல்லையென்றால் முழு முறை இல்லை. மின்சாரம் கொடுத்ததும் அனுப்பும் முதல் AT-க்கு ERROR:(0) வருவதும் சகஜம், இரண்டாவது தடவை OK வரும். AT சரியாக வேலை செய்து AT+NAME? மட்டும் மௌனமாக இருந்தால், பட்டனை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். அழுத்திப் பிடித்துக்கொண்டே கேளுங்கள். கடவுச்சொல் மாற்றும்போது பிழை வந்தால் AT+PSWD="4321" என்று மேற்கோள் குறியோடு அனுப்பிப் பாருங்கள், சில ஃபர்ம்வேர் அப்படித்தான் கேட்கும்.

என்னை ஒரு மாலை முழுக்கச் சுற்றவிட்டது வேறொன்று. மாட்யூலின் விசிசி ஒயரை மட்டும் பிடுங்கி, பட்டனை அழுத்திக்கொண்டு செருகினேன். கட்டளை முறை வரவில்லை. உற்றுப் பார்த்தால் விசிசி இல்லாமலே எல்இடி மங்கலாக எரிகிறது. நானோவின் டிஎக்ஸ் கோடு மேலேயே நிற்கிறது அல்லவா, அந்த மின்சாரம் ஆர்எக்ஸ் கால் வழியாக உள்ளே கசிந்து சிப்பைப் பாதி உயிரோடு வைத்திருக்கிறது. சிப் முழுவதும் சாகவே இல்லை, பிறகு எப்படிப் புதிதாகப் பிறக்கும்? விசிசியோடு ஆர்எக்ஸ் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டுச் செருகினால் முதல் தடவையிலேயே வந்தது.

HC-06 தரப்பில் நியாயமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. என் டப்பாக்கள் உப்புக்காற்றுக்காக சிலிக்கான் வைத்து அடைத்தவை. HC-05-இன் பட்டன் அந்த அடைப்புக்குள் இருக்கிறது. திறந்தால் மறுபடி அடைக்க வேண்டும். HC-06-க்கு நானோவே உள்ளிருந்து கட்டளை அனுப்பிக்கொள்ளலாம், யாரும் எதையும் அழுத்த வேண்டாம். இதற்கு நான் கண்ட வழி, HC-05-இன் பட்டனுக்கு இணையாக, காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ஒரு ரீட் சுவிட்சைச் சால்டர் செய்து டப்பாவின் உட்சுவரில் ஒட்டியது. வெளியே அந்த இடத்தில் ஒரு புள்ளி. புள்ளியில் காந்தத்தை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால், பட்டனை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்த மாதிரிதான். ஆர்எக்ஸ் வழியாகக் கசியாமல் இருக்க, நானோவுக்கும் மாட்யூலுக்கும் ஒரே சுவிட்ச். மீதியை நானோ பார்த்துக்கொள்ளும்:

```cpp
delay(1500);
bt.begin(38400);
bt.print("AT\r\n");
delay(300);
bt.print("AT\r\n");
if (bt.find("OK")) {
  delay(300);
  bt.print("AT+UART=9600,0,0\r\n");
  delay(500);
  bt.print("AT+NAME=PETTI3\r\n");
  delay(500);
}
bt.begin(9600);
```

ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் 38400-இல் ஒரு குரல் கொடுக்கிறது. காந்தம் இல்லையென்றால் பதில் வராது, ஒரு நொடி காத்துவிட்டு 9600-இல் வழக்கமான வேலைக்குப் போய்விடும். பதில் வந்தால் சரியான வேகத்தையும் பெயரையும் எழுதிவிடும். பிறகு காந்தத்தை எடுத்துவிட்டு சுவிட்சை நிறுத்திப் போட வேண்டும். புரோகிராமிலேயே இந்த எண்கள் இருப்பதால் இனி யார் நினைவிலும் வைக்க வேண்டியதில்லை. நானோ செத்துப் புதிது போட்டாலும் மாட்யூல் அதன் வழிக்கு வந்துவிடும்.

காந்தத்துக்குப் பதில், அந்தப் பட்டன் தொடும் கீ காலிலிருந்தே நானோவுக்கு ஒயர் இழுக்கலாமே என்று கேட்கலாம். இழுக்கலாம், ஆனால் அதுவும் 3.3 வோல்ட் கால், அங்கேயும் பிரிப்பு ரெசிஸ்டர் வேண்டும். தவிர, நான் வாங்கும் வகைப் போர்டில் வெளியே நீட்டியிருக்கும் கால் கீ அல்ல, இஎன். அது ரெகுலேட்டரை அணைக்கத்தான் பயன்படும். உண்மையான கீ மாட்யூலின் 34-ஆம் முனையில் இருக்கிறது, அந்த நெல்மணி அளவு இடத்தில் சால்டர் வைக்க என் கண் ஒத்துழைப்பதில்லை.

ஐபோன் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் உதவாது, இந்தப் பழைய சீரியல் வகையோடு ஐபோன் பேசாது. HM-10 போன்ற குறைஆற்றல் வகைதான் வேண்டும். கீழக்கரைக் காக்கா ஒருவருக்காக ஒன்றே ஒன்று கட்டினேன். ஓடுகிறது, ஆனால் ஒரு மழைக்காலம் கூட இன்னும் தாண்டவில்லை, அதனால் அதைத் தராசில் ஏற்றவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அசல் HM-10 வரி முடிவுக் குறி இல்லாமல் கேட்கும், அதே உருவத்தில் வரும் நகல்கள் பல \r\n இல்லாமல் வாயைத் திறக்காது.

HC-06 வைத்த மூன்று பெட்டியில் இரண்டு இன்னும் ஓடுகின்றன. ஓடுவதைப் பிரித்து மாற்றும் எண்ணம் இல்லை. மூடியின் உட்புறம் பெயின்ட் பேனாவால் வேகத்தையும் கடவுச்சொல்லையும் எழுதிவைத்திருக்கிறேன், மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட்டிங்.